பால் ஏன் திரிந்தது?

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் கதிருக்கு ஒரு சந்தேகம். எலுமிச்சம் பழத்தைத் தண்ணீரில் பிழிந்தால் சர்பத் கிடைக்கிறது. பாலில் பிழிந்தால் என்ன கிடைக்கும்? குடிக்கக் கொடுத்த சூடான பாலில் அரை மூடி பழத்தைப் பிழிந்துவிட்டான். கண் எதிரே பால் திப்பித் திப்பியாகப் பிரிந்தது.

"பாட்டி, பால் கெட்டுப்போச்சு!"

"கெட்டுப்போகலடா கண்ணா, திரிஞ்சிருக்கு. வா, அதையே இன்னொரு தடவை செஞ்சு பார்ப்போம்" என்று பாட்டி அரை லிட்டர் பாலை அடுப்பில் ஏற்றினார். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சம் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறினார்.

"பால்ல நிறைய தண்ணி இருக்கு. அதுல கேசீன்னு ஒரு புரதம், கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டையா மிதக்குது. பேட்டரியில பிளஸ், மைனஸ்னு போட்டிருக்குமே, பார்த்திருக்கியா? இந்த உருண்டை எல்லாத்துக்கும் மேல்பக்கம் மைனஸ்தான்."

"எல்லாமே மைனஸா இருந்தா?"

"மைனஸும் மைனஸும் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். அதனாலதான் எதுவும் ஒட்டாம, தனித்தனியா மிதக்குது."

"எலுமிச்சம் பழம் என்ன செஞ்சுது?"

"அதுல சிட்ரிக் அமிலம் இருக்கு. அமிலம் பாலுக்குள்ள பிளஸ் துகள்களை விடும். அது போய் மைனஸோட சேர்ந்ததும், தள்ளிவிடுற சக்தி போயிடும். அப்புறம் உருண்டைங்க மோதுற இடத்துலயே ஒட்டிக்கும். ஆயிரம், லட்சம்னு ஒட்டினதும்தான் நம்ம கண்ணுக்குத் திப்பியா தெரியுது."

பாட்டி சொன்னதை அறிவியல் எண்களிலும் சொல்லலாம். புளிப்பை அளக்க பி.எச். என்ற அளவு உண்டு. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். புதுப் பாலின் அளவு 6.7-ஐ ஒட்டி இருக்கும். அது 4.6-க்கு இறங்கும்போது கேசீனின் மின்னேற்றம் சரிசமமாகி, குளிர்ந்த பாலும் திரிந்துவிடும். பால் சூடாக இருந்தால் அவ்வளவு தூரம் இறங்க வேண்டியதில்லை. சூட்டில் துகள்கள் வேகமாக மோதிக்கொள்வதால் கொஞ்சம் புளிப்பே போதும். பாட்டி பாலைக் கொதிக்க வைத்தது இதற்காகத்தான்.

கதிர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். திப்பிகள் வந்திருந்தன, ஆனால் சுற்றியிருந்த நீர் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"சாறு பத்தலைன்னு அர்த்தம். ஒட்டாத கேசீன் இன்னும் உள்ளே மிதக்குது" என்ற பாட்டி இன்னொரு சிறு கரண்டி சாறு விட்டார். சிறிது நேரத்தில் நீர் தெளிந்து, இளம்பச்சை கலந்த மஞ்சளாகியது. பாலுக்கு வெள்ளை நிறம் கொடுப்பதே கேசீன் உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும்தான். அவற்றின் மேல் பட்டு ஒளி சிதறுகிறது. கேசீன் திரளும்போது கொழுப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்வதால் வெள்ளை போய்விடுகிறது. மிஞ்சும் மஞ்சள், நீரில் கரைந்திருக்கும் பி2 வைட்டமினின் நிறம்.

நீர் தெளிந்ததும் பாட்டி நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல சாறு விட்டாலோ, மறுபடி கொதிக்க விட்டாலோ ரப்பர் மாதிரி இறுகிடும்." மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, புளிப்பு போகத் தண்ணீர் ஊற்றி அலசி, பிழிந்து, மேலே கனம் வைத்தார். 100 கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே பனீர் கிடைத்தது. வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசைந்தார்.

"தயிரும் புளிக்குதே பாட்டி, அது ஏன் திப்பியாகாம கட்டியா உறையுது?"

"நல்ல கேள்வி. உறைமோர்ல இருக்கிற பாக்டீரியா, பால்ல உள்ள சர்க்கரையை ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா அமிலமாக்கும். பாலை யாரும் கலக்குறதும் இல்ல. அதனால உருண்டைங்க நிதானமா ஒட்டி, வலை மாதிரி பின்னி, தண்ணியையும் உள்ளேயே பிடிச்சு வைக்கும். எலுமிச்சம் பழம் எல்லா அமிலத்தையும் ஒரே நேரத்துல கொட்டுது. வலை பின்ன நேரமே இல்லாம அவசரமா கட்டி சேருது. தண்ணி வெளியே ஓடிடுது."

"அப்போ வெளியில வெச்சிருந்த பால் தானா திரிஞ்சா, அதுலயும் பனீர் செய்யலாமா?"

"அது வேணாம். அங்கேயும் அமிலம்தான் திரிக்குது. ஆனா அந்த அமிலத்தை உண்டாக்கினது என்ன கிருமின்னு நமக்குத் தெரியாது. உறைமோர் நாம பார்த்து விட்டது, எலுமிச்சம் பழம் நாம பிழிஞ்சது. தானா திரிஞ்ச பாலைக் கீழே கொட்டிடணும்."