ஃபர்ம்வேர் ஒப்படைப்புக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

மின்மீட்டர், இன்வெர்ட்டர், சலவை இயந்திரம் போன்ற கருவிகளின் சிப்பில் பதிந்திருந்து அவற்றை இயக்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். அதை எழுதிப் பராமரித்த பொறியாளர் வேலையை விட்டுப் போகும்போது, அடுத்து வருபவருக்காக எழுதி வைப்பது ஒப்படைப்புக் குறிப்பு. மற்ற மென்பொருள்களில் நிரலைப் பொறுமையாகப் படித்தால் பெரும்பாலானவை விளங்கிவிடும். ஃபர்ம்வேரில் அப்படியில்லை. ஒரு வரி ஏன் எழுதப்பட்டது என்பதற்கான காரணம் நிரலுக்கு வெளியே, போர்டின் ஒரு இணைப்பிலோ சிப்பின் ஒரு குணத்திலோ இருக்கும். சிப்பில் தெரிய வந்த பிழைகளை அதன் தயாரிப்பாளர்கள் ‘எர்ராட்டா’ என்ற பெயரில் வெளியிடுவது வழக்கம். ஆனால் அந்தச் சிப் குறிப்பிட்ட ஒரு போர்டில், குறிப்பிட்ட ஒரு சென்சாரோடு சேரும்போது முளைக்கும் சிக்கல்களை எந்தத் தயாரிப்பாளரும் எழுதித் தரமாட்டார். அவை அந்தப் பொறியாளரின் தலைக்குள்தான் இருக்கும்.

ஒரு குளிர்கிடங்கில் வெப்பநிலையைக் கண்காணித்து, கம்ப்ரஸரை இயக்கி நிறுத்தும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் மூளை, உலகெங்கும் மலிவாகக் கிடைக்கும் இஎஸ்பி32 சிப். கதவு திறந்திருக்கிறதா என்று அறியும் சுவிட்ச் 12-ஆம் பின்னில் இணைக்கப்பட்டிருக்கிறது. கதவு மூடியிருந்தால் அந்தப் பின் பூஜ்ய வோல்ட்டில் இருக்கும், திறந்தால் 3.3 வோல்ட்டுக்கு ஏறும். கருவி ஓடிக்கொண்டிருக்கும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் இந்தச் சிப்பில் 12-ஆம் பின்னுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மின்சாரம் வந்தவுடன் சிப் அந்தப் பின்னைப் பார்த்தே ஃபிளாஷ் நினைவகத்துக்கு எவ்வளவு வோல்ட் தருவது என்று முடிவு செய்கிறது. பின் உயர்ந்திருந்தால் 1.8 வோல்ட் தரும். நினைவகமோ 3.3 வோல்ட்டில் இயங்கும் வகை என்றால், நிரலைப் படிக்க முடியாமல் கருவி எழும்பாது. ஆக, கிடங்கின் கதவு திறந்திருக்கும் நேரத்தில் மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பினால் மட்டும் கருவி செத்துக் கிடக்கும். யாராவது கதவை மூடிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பழுது பார்க்க வருபவர் கண்ணில் இது படவே படாது. சீரியல் இணைப்பில் `flash read err, 1000` என்ற செய்தி திரும்பத் திரும்ப வருவதுதான் தடயம்.

இதற்கு மாற்றுவழி உண்டு. சிப்புக்குள் இருக்கும் ஃபியூஸை ஒரு கட்டளையால் நிரந்தரமாக எரித்து, 12-ஆம் பின் எப்படி இருந்தாலும் 3.3 வோல்ட்தான் என்று சொல்லிவிடலாம்.

```
espefuse.py --port /dev/ttyUSB0 set_flash_voltage 3.3V
```

ஒப்படைப்புக் குறிப்பு அவசியமாவது இங்கேதான். இந்தக் கட்டளை நிரலின் ஒரு பகுதி அல்ல. தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒருமுறை செய்யும் வேலை. குறிப்பில் இல்லாவிட்டால், புதிய பொறியாளர் தருவிக்கும் அடுத்த தொகுதிப் போர்டுகளில் இது விடுபடும். நிரல் ஒரு எழுத்துகூட மாறாதபோதும் பழைய கோளாறு திரும்பி வரும். எரித்ததை மீட்க முடியாது என்பதையும், 1.8 வோல்ட் நினைவகம் கொண்ட மாட்யூல்களில் இந்தக் கட்டளையை இயக்கினால் அந்த நினைவகம் பழுதாகலாம் என்பதையும் குறிப்பு சொல்ல வேண்டும்.

அடுத்தது நிரலுக்குள்ளேயே இருந்தும் புரியாமல் நிற்கும் வரிகள். வெப்பநிலை சென்சார் ஐ2சி என்ற இரு கம்பி முறையில் பேசுகிறது. ஒரு கம்பியில் கடிகாரத் துடிப்பு, மற்றதில் தரவு. சென்சார் ஒரு பூஜ்யத்தை அனுப்பத் தரவுக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் சிப் ரீசெட் ஆகிவிட்டால், சென்சாருக்கு அது தெரியாது. அடுத்த துடிப்பு வரும்வரை கம்பியை விடாமல் காத்திருக்கும். மீண்டும் எழுந்த சிப்போ, கம்பி கீழே இருப்பதைக் கண்டு வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பதாக எண்ணிக் காத்திருக்கும். இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருக்க, வெப்பநிலை வராது.

இதை அடையாளம் காண்பது எளிது. ரீசெட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் சரியாகாது, மின்சாரத்தை முழுவதும் துண்டித்தால் உடனே சரியாகும். ஆசிலோஸ்கோப்பில் கடிகாரக் கம்பி 3.3 வோல்ட்டிலும் தரவுக் கம்பி பூஜ்யத்திலும் அசையாமல் நிற்கும். தீர்வை ஐ2சி விதிமுறை ஆவணமே தருகிறது: ஒன்பது துடிப்புகள் கொடுக்க வேண்டும். எட்டு துடிப்புகளில் ஒரு பைட் முடிந்துவிடும். ஒன்பதாவதில் ஏற்பு கிடைக்காததால் சென்சார் கம்பியை விட்டுவிடும்.

```c
for (int i = 0; i < 9 && !sda_read(); i++) {
    scl_low();  delay_us(5);
    scl_high(); delay_us(5);
}
i2c_stop();
```

மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இந்த வரிகள் ஒருமுறைகூடப் பயன்படாமல் போகலாம். விவரம் தெரியாதவர் வேண்டாத வரிகள் என்று அழித்துவிடுவார். கோளாறு சில மாதங்கள் கழித்து எங்கோ ஒரு கிடங்கில் தலைகாட்டும். ஆகவே “இதை அழிக்காதீர்கள்” என்று மட்டும் எழுதுவது பயனற்றது. கோளாறை எப்படி வரவழைப்பது என்று எழுத வேண்டும்: சென்சாரை இடைவிடாமல் படிக்கவிட்டு, நடுவில் பலமுறை ரீசெட் செய்ய வேண்டும். எப்போது அழிக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். சில நூலகங்களின் புதிய பதிப்புகள் இந்த வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. பயன்படுத்தும் பதிப்பு அப்படிச் செய்கிறது என்று உறுதியானால் இந்த வரிகள் போகலாம்.

மூன்றாவது, பலரும் எழுதத் தயங்கும் பகுதி: சோதிக்கப்படாதவை. “நீண்டகாலச் சோதனை செய்யவில்லை” என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. எது, ஏன், எந்த எல்லைக்கு அப்பால் என்று குறிப்பிட்டால்தான் பயன். இதே கருவியில் கம்ப்ரஸர் நின்றபின் ஐந்து நிமிடம் ஓய்வு தர வேண்டும். வாயு அழுத்தம் இறங்குமுன் மீண்டும் இயக்கினால் மோட்டார் திணறி, மிகையான மின்னோட்டத்தை இழுக்கும். நிரல் அதை இப்படிப் பார்க்கிறது:

```c
if (millis() > start + 300000) start_compressor();
```

`millis()` மில்லிவினாடிகளை எண்ணும் 32 பிட் எண். 4,29,49,67,295-ஐத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பும், அதற்கு 49.7 நாள் ஆகும். அந்தத் தருணத்துக்குச் சற்று முன் கம்ப்ரஸர் நின்றால், `start + 300000` எல்லையைத் தாண்டி ஒரு சிறிய எண்ணாகச் சுருங்கிவிடும். நிபந்தனை உடனே நிறைவேறி, ஓய்வே இல்லாமல் கம்ப்ரஸர் கிளம்பும். `millis() - start >= 300000` என்று கழித்துப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடிக்கடி மின்வெட்டு உள்ள இடத்தில் எண்ணி அவ்வப்போது பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் கோளாறு வெளிப்படவே செய்யாது. யூபிஎஸ் வைத்த நாளிலிருந்து அதற்கு வழி திறக்கிறது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில், 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் ஒரு எண்ணி நிரம்பி வழிந்து மின்சாரம் நின்றுபோகலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015-இல் எச்சரித்தது. சீராக்கம் வரும்வரை, குறித்த இடைவெளியில் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்க உத்தரவிட்டது.

சோதிக்க ஐம்பது நாள் காத்திருக்கவும் தேவையில்லை. `millis()` வரும் இடங்களில் `millis() + 0xFFFF0000UL` என்று மாற்றினால் எண்ணி 65 வினாடிகளில் எல்லையைத் தாண்டிவிடும். இந்த உபாயத்தையும் சேர்த்து எழுதிவிட்டால், ஒரு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

குறிப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மின்னஞ்சலில் அனுப்பினால் தொலைந்துபோகும்; நிரலோடு ஒரே களஞ்சியத்தில், போர்டின் பதிப்பு எண்ணோடு இருக்க வேண்டும். அனுபவசாலிகள் குறிப்பைக் கொடுத்ததோடு விடுவதில்லை. போகுமுன் வரும் ஒரு நாளில், புதியவர் எதுவும் நிறுவாத ஒரு கணினியை எடுத்து, குறிப்பை மட்டும் பார்த்து நிரலைத் தொகுத்து, ஃபியூஸ் எரிக்காத ஒரு புதிய போர்டில் ஏற்றி, கதவைத் திறந்து வைத்தபடி மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார். பழையவர் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறப்பதில்லை. புதியவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் குறிப்பில் ஒரு வரி கூடுகிறது.