குருதிக் கிருமியா, தோல் கிருமியா?

காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை அறிய, நோயாளியின் குருதியைச் சத்துநீர்ப் புட்டியில் இட்டு உடல்வெப்ப நிலையில் வளர்ப்பர். ஆன்டிபயாட்டிக் கொடுக்குமுன்பே குருதி எடுப்பது நன்று. கொடுத்தபின் கிருமி வளராமற் போகலாம்.

இரு கைகளிலும் தனித்தனியே குருதி எடுத்ததாகக் கொள்வோம். இரண்டாம் நாள் கழிந்தபின் இடக்கைப் புட்டியில் மட்டும் ஸ்டெபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்கிறது. இது நம் எல்லோர் தோலிலும் குடியிருப்பது. எவ்வளவு துடைத்தாலும் மயிர்க்கால்களின் ஆழத்தில் சில தப்பிவிடும்; பூசிய மருந்து உலருமுன் ஊசி குத்தினால் கேட்கவே வேண்டாம்! எனவே இது பெரும்பாலும் ஊசியோடு வந்த விருந்தாளிதான்.

இரு கைப் புட்டிகளிலும் அதே கிருமி ஒரே நாளுக்குள் வளர்ந்திருந்தால் கதை வேறு. நோயாளிக்குச் செயற்கை இதய வால்வு இருப்பின், அது குருதியிலேயே இருந்தது என்றே மருத்துவர் ஐயுறுவார். ஒரே ஊசியில் எடுத்து இரு புட்டிகளில் நிரப்பியிருந்தாலோ, இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை.