‘மாவட்டத்தில் முதலிடம்’ இல்லாத ஒரு வாழ்த்துப் பதிவு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலைக்குள் ஊர் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் ஏறிவிடுகிறது. அதற்கும் முன்பே டியூஷன் சென்டர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நிரம்பிவிடுகிறது. பிள்ளைகளின் உழைப்பைக் கொண்டாடும் ஆசையில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் அதை எழுதுகிறார்கள். ஆனால் படிக்கிறவர் கண்ணில் அது சென்டரின் பெருமையாக மட்டுமே படுவதும் உண்டு. எந்த இடத்தில் வாழ்த்து விளம்பரமாக மாறுகிறது?

ஒரு சிறு நகரத்து டியூஷன் சென்டரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்கே பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் மட்டும் நடக்கின்றன. ரிசல்ட் அன்று அவசரமாக எழுதிய முதல் பதிவு இப்படி இருக்கிறது: ‘மாவட்டத்தில் முதலிடம்! 587/600! சாதனை படைத்தது எங்கள் சென்டர்! அட்மிஷன் நடைபெறுகிறது!’

இதில் முதலில் இடறுவது ‘மாவட்டத்தில் முதலிடம்’. தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளுடன் மாநில, மாவட்ட ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்திவிட்டது. பட்டியலே இல்லாதபோது ஒரு சென்டர் அந்த இடத்தைத் தன் மாணவிக்குக் கொடுக்க முடியாது. பக்கத்துத் தெரு சென்டரும் அதே வரியைப் போட்டால் இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது 587. பிளஸ் டூவில் ஆறு பாடங்கள், மொத்தம் 600 மதிப்பெண். இந்த சென்டர் சொல்லிக்கொடுத்தது இரண்டு பாடங்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேதியியலுக்கும் மாணவியின் பள்ளி ஆசிரியர்கள் உழைத்திருக்கிறார்கள். மொத்த மதிப்பெண்ணைத் தன் கணக்கில் எழுதும்போது அவர்கள் பங்கையும் சென்டர் எடுத்துக்கொள்கிறது. நடத்திய பாடத்தின் மதிப்பெண்ணை மட்டும் சொல்லி, பள்ளியின் பெயரையும் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மூன்றாவது குறை, எழுதாமல் விட்டதில் இருக்கிறது. எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்ற எண் பதிவில் இல்லை. 38 பேரில் இருவர் நூற்றுக்கு நூறு வாங்கியதும், 300 பேரில் இருவர் வாங்கியதும் ஒன்றல்ல. பிள்ளையைச் சேர்க்க யோசிக்கும் பெற்றோருக்கு அந்த 38 தான் முக்கியம்.

மாணவியின் படத்தையும் பெயரையும் போட அனுமதி வேண்டும். பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு அவை பொருந்தும். மாணவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பெயர், படம் எதையும் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சம்மதத்தையும் வெற்றி பெற்ற பிறகே வாங்க வேண்டும். சேர்க்கைப் படிவத்திலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது செல்லாது. எந்தப் பாடத்தை எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ மாணவர்கள் பலருக்கும் பதினெட்டு வயது ஆகியிருக்காது என்பதால், சிறிய சென்டராக இருந்தாலும் பெற்றோரிடம் கேட்பதே முறை.

இவற்றை மனத்தில் வைத்து அதே பதிவைத் திருத்தினால் இப்படி வரும்:

‘பிளஸ் டூ எழுதிய நம் பிள்ளைகளுக்கு அன்பான வாழ்த்துகள். இந்த ஆண்டு எங்களிடம் கணிதம் படித்த 38 பேர் தேர்வெழுதினார்கள். 36 பேர் தேர்ச்சி. 90-க்கு மேல் வாங்கிய 11 பேரில் இருவர் நூற்றுக்கு நூறு. அவர்களில் ஒருவரான படத்தில் உள்ள மாணவி, கடந்த ஜூன் முதல் கணிதமும் இயற்பியலும் படித்தார். இயற்பியலில் 98. அரையாண்டுத் தேர்வில் 40-ஐத் தாண்டாத ஐந்து பேர் இப்போது 60-க்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். இவர்களைப் பள்ளியில் வளர்த்த ஆசிரியர்களுக்கு எங்கள் நன்றி.’

இதில் ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மகிழ்ச்சி குறையவில்லை. அந்த ஐந்து பேரைப் பற்றிய வரிதான் சென்டரின் உழைப்பை அதிகம் காட்டுகிறது. ஏற்கெனவே 95 வாங்குகிற பிள்ளை 100 வாங்குவதைவிட, 38 வாங்கியவர் 64-க்கு வருவதில் ஆசிரியரின் கை கூடுதலாகத் தெரியும். ஆனால் அவர்களின் பெயரைப் போடக் கூடாது. பழைய மதிப்பெண் ஊருக்குத் தெரிவதை அந்தப் பிள்ளைகள் விரும்ப மாட்டார்கள்.

மறுகூட்டல், மறுமதிப்பீடு முடியும்வரை மதிப்பெண் மாறக்கூடும். அதனால் ஃபிளெக்ஸ் அச்சடிக்கச் சில வாரம் பொறுப்பது நல்லது. பதிவாக இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

38-இல் மீதி இருவர் இருக்கிறார்கள். அவர்களும் இந்தப் பதிவைத் தங்கள் போனில் பார்ப்பார்கள். அட்மிஷன் அறிவிப்பை வேறொரு நாளுக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கடைசி வரியாக இதை எழுதலாம்: ‘துணைத்தேர்வு எழுதுவோருக்குத் திங்கள்கிழமை மாலை 6 மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. கட்டணம் இல்லை.’