வளைவை முக்கோணமாக்கும் கணக்கு

பொறியாளர் வரையும் கேட் மாதிரியில் முக்கோணங்களே கிடையாது. ஒரு துளைக்கு மையம், அச்சு, ஆரம் ஆகியவைதான் பதிவாகியிருக்கும். எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் அது வட்டமாகவே தெரியும். படம் உருவாக்கும் ரெண்டர் மென்பொருள்களுக்கோ பெரும்பாலும் முக்கோணங்கள்தான் வேண்டும். இந்தப் பரப்புகளை முக்கோணங்களாக வெட்டும் வேலையே டெசலேஷன். ஒரு கியர்பாக்ஸை விளம்பரப் படத்துக்குத் தயாரிப்பதாக வைத்துக்கொண்டால், பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இந்த முதல் படியிலேயே விதைக்கப்படுகின்றன.

வட்டத்துக்குள் வரைந்த பலகோணத்தின் பக்கங்கள் வில்லைவிட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும். இந்த விலகல் எவ்வளவு இருக்கலாம் என்று சொல்வதுதான் டெசலேஷனின் முதல் அளவு. ஆரம் 10 மி.மீ., விலகல் 0.1 மி.மீ. என்றால் வட்டம் 23 பக்கம் கொண்டதாகிறது. விலகலை 0.01 ஆக்கினால் 71 பக்கம். ஒரு திசையில் மட்டும் வளைந்த உருளையில் இது ஏறக்குறைய மூன்று மடங்குதான். கோளம் போல இரு திசைகளிலும் வளைந்த பரப்பில் முக்கோணங்கள் பத்து மடங்காகிவிடும். எனவே 'எதற்கும் இருக்கட்டும்' என்று சிறிய எண்ணைப் போடுவது நல்லதல்ல. கேமராவைக் கேட்பதே முறை. 1920 பிக்சல் அகலப் படத்தில் 600 மி.மீ. அகலப் பொருள் நிரம்பி நின்றால் ஒரு பிக்சல் சுமார் 0.3 மி.மீ. அதில் பாதியான 0.15 மி.மீ. விலகலைக் கண் பிடிக்காது.

இந்த ஒரு அளவை மட்டும் நம்பினால் சிறிய துளைகள் கெடும். 0.5 மி.மீ. ஆரமுள்ள துளை, 0.1 விலகலில் ஐங்கோணமாகிவிடும். அருகே போனதும் அது அப்பட்டமாகத் தெரியும். அதனால் அடுத்தடுத்த பக்கங்களுக்கு இடையிலான கோணத்துக்கும் ஒரு வரம்பு வைக்கிறார்கள். 0.5 ரேடியன் என்றால் எந்த வட்டத்துக்கும் குறைந்தது 13 பக்கம் கிடைக்கும். ஃப்ரீகேட் மென்பொருளில் இரண்டையும் சேர்த்தே தரலாம்:

```python
import Part, MeshPart
s = Part.Shape()
s.read("gearbox.step")
m = MeshPart.meshFromShape(Shape=s,
    LinearDeflection=0.15, AngularDeflection=0.5)
```

இதற்குப் பிறகும் முக்கோணங்கள் பல லட்சமாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது போல்ட்டுகளை. 40 மி.மீ. நீளத்துக்கும் மரை வெட்டிய ஒரு எம்8 போல்ட்டில், 1.25 மி.மீ. இடைவெளியில் 32 சுற்றுகள். சுற்றுக்கு 24 பிரிவு, ஒவ்வொன்றிலும் மரையின் இரு சரிவு, மேடு, பள்ளம் என்று நான்கு பட்டை, பட்டைக்கு இரண்டு முக்கோணம் என்றால் மரைக்கு மட்டும் 6,144. இப்படி 300 போல்ட் இருந்தால் 18 லட்சத்துக்கு மேல்! அத்தனையும் உலோகத்துக்குள் புதைந்து, படத்தில் தலைகாட்டாமலே கிடக்கும். மரையைக் கேட் மாதிரியிலேயே நீக்கி வெறும் உருளையாக்கிவிட்டு, ஒரே போல்ட்டின் மெஷ்ஷை 300 இடங்களிலும் சுட்டும்படி அமைத்தால் நினைவகச் சுமை மறைந்துவிடும்.

மெஷ் ஆன பிறகு முக்கோணங்களைக் குறைக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் அவற்றுக்குத் துளையின் ஆரம் தெரியாது, முக்கோணம் மட்டுமே தெரியும். வட்டம் கோணலாகிறது, நேர் விளிம்பு நெளிகிறது. அளவைத் திருத்தி மறுபடி டெசலேஷன் செய்வதே எப்போதும் மேல். மூலக் கோப்பு கையில் இல்லாதபோதுதான் அந்தக் கருவிகளைத் தேட வேண்டும்.

இரட்டை முகங்கள் வேறு வகைச் சிக்கல். ஒரே பாகம் இருமுறை செருகப்பட்டிருக்கலாம். திடவடிவமும் அதன் மேற்பரப்பின் நகலும் சேர்ந்தே ஏற்றுமதியாகியிருக்கலாம். ஒரே இடத்தில் இரு முகங்கள் இருந்தால் எது முன்னால் என்று மென்பொருளால் தீர்மானிக்க முடியாது. கேமராவை நகர்த்தும்போது இரு நிறங்கள் மாறி மாறி மினுங்கும். ஒளிக்கதிரைத் தொடரும் ரெண்டரில் கரும்புள்ளிகள் விழும். மெஷ் ஆவதற்கு முன்பே கனஅளவும் ஈர்ப்பு மையமும் ஒத்துப்போகும் பாகங்களைத் தேடினால் இருமுறை செருகியவை சிக்கும். தப்பியவற்றை முக்கோணங்களின் முனைகளை 0.001 மி.மீ.க்கு முழுமையாக்கி ஒப்பிட்டுப் பிடிக்கலாம். போல்ட் தலையின் அடிப்பாகமும் அது உட்காரும் ஃபிளாஞ்சும் தொடுவது இரட்டை முகம் ஆகாது. மறைவாக இருப்பதால் அதை விட்டுவிடலாம். கண்ணாடிக் குவளைக்குள் எண்ணெய் போன்ற இடத்தில் மட்டும் அந்தத் தொடுபரப்பு ஒளிவிலகலைக் கெடுக்கும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியவை பரப்புத் திசைகள். துளைகள் நிறைந்த தட்டையான முகம் நீண்ட ஊசி முக்கோணங்களாக வெட்டப்படும். அதன் முனைகளைப் பக்கத்து முகத்தின் முனைகளோடு ஒட்டிவிட்டு, திசைகளைச் சராசரியாகக் கணக்கிட விட்டால், தட்டையான உலோகத்தில் கருங்கீற்றுகள் ஓடும். கேட் பரப்பிலிருந்து கணக்கிட்ட திசைகளைக் கோப்போடு கொண்டுவந்தால் இது வராது. எஸ்.டி.எல். கோப்பு முக்கோணத்துக்கு ஒரு திசை மட்டுமே வைத்திருக்கும் என்பதால் இந்த வேலைக்கு உதவாது. முனைக்கு முனை திசை ஏற்கும் ஓ.பி.ஜே. அல்லது ஜி.எல்.டி.எஃப். வேண்டும். பளபளப்பான சாம்பல் பூச்சு கொடுத்து, பரப்பை உரசிச் செல்லும் விளக்கொளியில் ஒரு சோதனை ரெண்டர் எடுத்தால் இத்தகைய கீற்றுகள் உடனே கண்ணில் படும்.