‘இது உண்மையா?’: வயல் நீரில் வானவில் மினுமினுப்பு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்ததும், எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த படங்கள் எல்லோர் கைபேசிக்கும் வந்தன. அந்தச் சமயத்தில் மீஞ்சூர் பக்கம் நெல் பயிரிட்டிருக்கும் விவசாயி ஒருவர், தனக்கு வந்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றை வேளாண்மை அலுவலருக்கு அனுப்பினார். நெல் வயலில் தேங்கிய நீரின் மேல் வானவில் நிறத்தில் ஏடு. ‘எண்ணூர் எண்ணெய் வயலுக்குள் புகுந்துவிட்டது’ என்று மேலே எழுதியிருந்தது. கீழே அவர் கேட்டிருந்தது இவ்வளவுதான்: “சார், இது உண்மையா? என் வயலிலும் இப்படித்தான் மினுக்குது. இரண்டு நாள் முன்னாடிதான் யூரியா போட்டேன். தண்ணியை வடிச்சிடட்டுமா?”

வடித்தால் யூரியாவும் சேர்ந்து போய்விடும். உண்மையிலேயே எண்ணெய் என்றால் வடிக்கும் நீர் பக்கத்து வயலையும் கெடுக்கும். எனவே ஆம், இல்லை என்று உடனே சொல்லிவிட முடியாது.

படம் எதைச் சொல்லாது?

எண்ணூரில் எண்ணெய் பரவியது உண்மை. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனப் பகுதியிலிருந்து வெள்ளநீரோடு எண்ணெய் வெளியேறியதாக மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. அது பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்கு வந்து கடலில் சேர்ந்தது. ஆனால் ஊரில் எண்ணெய் பரவியது உண்மை என்பதால், அந்தப் படமும் உண்மை என்றாகிவிடாது.

ஸ்கிரீன்ஷாட்டில் எடுத்த தேதியும் இடமும் இருப்பதில்லை. எண்ணூரைப் பொறுத்தவரை இது பெரிய சிக்கல். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, இதே கரையில் எண்ணெய் ஒதுங்கியது. அப்போதும் வாளி வாளியாக அள்ளிய படங்கள் வந்தன. எர்ணாவூர் பக்கம் கடலோரக் கற்களில் படிந்த கசடா, கழிமுகத்து அலையாத்திச் செடிகளில் ஒட்டிய எண்ணெயா என்று பின்னணியைப் பார்த்தால் ஓரளவு பிரிக்கலாம். வெறும் நீரை மட்டும் அருகில் வைத்து எடுத்த படத்தில் அதற்கும் வழியில்லை.

எண்ணெயின் அளவையும் படத்தால் சொல்ல முடியாது. வானவில் நிறம் காட்டும் படலம் மிக மிக மெல்லியது. ஒரு லிட்டர் எண்ணெயே சுமார் 80 சென்ட் பரப்புக்கு அப்படிப் படர்ந்து நிற்கும். நீர் இறைக்கும் இன்ஜினிலிருந்து சொட்டிய டீசலும் வயல் முழுக்க மினுக்கும்.

இன்னொன்றும் உண்டு. மழைக்குப் பின் நீர் தேங்கிய வயலில், காற்றில்லாத சேற்றிலிருந்து இரும்பு கரைந்து மேலே வரும். அங்கே இரும்புப் பாக்டீரியா பெருகி, எண்ணெய் போலவே மினுக்கும் ஏட்டை உண்டாக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுதான்.

குச்சி சொல்லும்

அலுவலர் அந்த விவசாயியை வயலுக்குப் போய் ஒரு குச்சியால் ஏட்டைக் கிழித்துப் பார்க்கச் சொன்னார். எண்ணெயாக இருந்தால் குச்சி போன தடம் உடனே சுழன்று மூடிக்கொள்ளும். இரும்பு ஏடாக இருந்தால் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போலத் துண்டாகி, ஒட்டாமல் மிதக்கும். வெயிலில் பல நாள் கிடந்து கெட்டியான எண்ணெயும் துண்டாக உடையலாம். ஆனால் அது குச்சியில் பிசுபிசுவென்று ஒட்டும், வாடையும் வரும்.

அவர் வயலில் ஏடு சில்லுகளாக உடைந்தது. டீசல் வாடை இல்லை. வரப்பு மூலையில் துரு நிறத்தில் வழவழப்பான படிவு இருந்தது. இரும்பு ஏடுதான். அடுத்து, நெல்லின் அடி இலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் பரவுகின்றனவா என்று பார்க்கச் சொன்னார். அப்படி இருந்தால் இரும்பு நச்சு. நீரை வடித்து வயலைக் காயவிட வேண்டும். புள்ளிகள் இல்லாததால் யூரியா பயிருக்குச் சேரும்வரை நீர் அப்படியே நிற்கட்டும் என்று முடிவானது.

எண்ணெய் என்று தெரிந்தால்

நீரை வடிக்கவும் வேண்டாம், புது நீர் விடவும் வேண்டாம். சேற்றைக் கலக்கக் கூடாது. சோப்புத் தூள் போட்டால் எண்ணெய் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் மேல் நீரைப் பிடித்து, தேதியும் சர்வே எண்ணும் எழுதி வேளாண்மை அலுவலகத்துக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும். அது இன்ஜின் டீசலா, ஆலை எண்ணெயா என்பதை ஆய்வகத்தில் எண்ணெயின் கூறுகளை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். குச்சியால் அது முடியாது.

படம் எடுப்பதானால் மூன்று எடுக்க வேண்டும்: ஏட்டை அருகில் ஒன்று, குச்சியால் கிழித்த பின் ஒன்று, வயலும் வாய்க்காலும் சேர்ந்து தெரிய ஒன்று. ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த தேதி பெரும்பாலும் அதனுடனேயே வரும்.

அவருக்கு முதலில் வந்த படம்? அனுப்பியவரைக் கேட்டார். அவருக்கும் வேறொருவர் அனுப்பியதாம். அதற்கு முன்னால் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ‘அந்த வயலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, உங்கள் வயலில் எண்ணெய் இல்லை’ என்பதுதான் அலுவலர் தந்த பதில். அவர் அந்தப் படத்தை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பவில்லை.