கடல்நீரைக் குடிநீராக்க எத்தனை பார் அழுத்தம் வேண்டும்?

மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டுக் குலுக்கி ஜாடியில் வைத்தால், மறுநாள் காலையில் அடியில் தண்ணீர் நிற்கும். அது நாம் ஊற்றிய தண்ணீர் அல்ல. உப்பு அதிகமாக இருக்கும் பக்கத்துக்கு, மாங்காயின் மெல்லிய செல்சவ்வுகளைக் கடந்து தானாக வந்த நீர். இதுவே சவ்வூடுபரவல். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் வங்கக்கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இதைத் தலைகீழாக நடத்துகிறார்கள். உப்புநீர்ப் பக்கத்தை அழுத்தி, நீரை மட்டும் சவ்வுக்கு அந்தப்புறம் தள்ளுகிறார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தினால் நீர் அப்படித் திரும்பும் என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

வேதியியலின் முதல் நோபல் பரிசை 1901-இல் பெற்ற வான்ட் ஹாஃப் தந்த சூத்திரம் இதற்குப் போதும்:

π = i × c × R × T

இதில் π என்பது சவ்வூடுபரவல் அழுத்தம். நீரை நிறுத்திவைக்க உப்புநீர்ப் பக்கம் கொடுக்க வேண்டிய அழுத்தம் அது. ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு இருப்பதாகவும், அது முழுக்கச் சோற்றுப்பு என்றும் வைத்துக்கொள்வோம். சோற்றுப்பின் மோல் நிறை 58.5 கிராம், ஆகவே 35-ஐ அதால் வகுத்தால் c ஏறத்தாழ 0.6 மோல். உப்பின் ஒவ்வொரு அலகும் நீரில் சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிவதால் i என்பது 2. பெருக்கினால் 1.2 மோல் துகள்கள். நீரின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ், அதாவது 301 கெல்வின். R-இன் மதிப்பு 0.0831, R, T இரண்டையும் பெருக்கினால் 25. ஆக, 1.2 × 25 = 30 பார்.

மாணவர்கள் வழுக்குவது இரண்டு இடங்களில். உப்பு இரண்டாகப் பிரிவதை மறந்தால் விடை 15 பாராகப் பாதியாகிவிடும். கெல்வினுக்கு மாற்றாமல் 28 என்றே போட்டால் 3 பாருக்கும் கீழே இறங்கிவிடும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் சின்ன மோட்டாரே அதைவிட அதிகமாக அழுத்தும். அந்த விடை சரியாக இருந்தால் கடலோர வீடுகளில் யாருக்கும் தண்ணீர்ப் பஞ்சமே இருக்காது. விடை 30-ஐ ஒட்டி வரவில்லையென்றால் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

உண்மைக் கடல்நீருக்கு இது சற்றே குறைந்து, 26 அல்லது 27 பாரில் நிற்கும். அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் முழு எண்ணிக்கையின் பலன் கிடைப்பதில்லை. கடலில் மக்னீசியம், சல்பேட் போன்ற கனமான அயனிகளும் கலந்திருப்பதால் அதே 35 கிராமில் துகள்களின் எண்ணிக்கையும் கொஞ்சம் குறைவு. 27 பார் என்பது ஏறத்தாழ 275 மீட்டர் உயர நீர்த்தூண் கொடுக்கும் அழுத்தம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

ஆனால் சரியாக 27 பார் கொடுத்தால் ஒரு சொட்டும் வராது. இரு பக்கமும் சமமாகி, நீர் அசையாமல் நிற்கும். 28 பாராக்கினால் கசியத் தொடங்கும். கசிந்த உடனேயே மீதி நீரில் உப்பு கூடிவிடும். கணக்கில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். நூறு லிட்டர் கடல்நீரில் 40 லிட்டரை நன்னீராக எடுத்தால், அத்தனை உப்பும் மிச்சமுள்ள 60 லிட்டரில் அடைந்துகிடக்கும். 35-ஐ 0.6-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 58 கிராம். அதே விகிதத்தில் அழுத்தமும் 27-இலிருந்து 45 பாராக ஏறிவிடும். அதனால் குழாயின் கடைசியில் உள்ள சவ்வும் வேலை செய்ய வேண்டுமென்றால், உள்ளே வரும் நீரின் உப்பை வைத்துக் கணக்கிட்டால் போதாது. வெளியேறும் கழிவுநீரின் உப்பை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

அதற்கு மேலும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சவ்வின் முகத்தில் ஒட்டி நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில், நடுவில் ஓடும் நீரைவிட உப்பு அதிகம். சவ்வு உணர்வது அந்த உப்பைத்தான். நீர் போதிய வேகத்தில் கடக்கவும் ஒரு தள்ளுவிசை மிச்சம் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்துதான் கடல்நீர் ஆலைகளின் பம்புகள் பொதுவாக 55 முதல் 70 பார் வரை அழுத்துகின்றன.

நூற்றுக்கு 10 லிட்டர் மட்டும் எடுத்தால் 30 பாருக்குச் சற்று மேலே அழுத்தினாலே முடிந்துவிடுமே என்று கேட்கலாம். முடியும். ஆனால் ஒரு லிட்டர் குடிநீருக்குப் பத்து லிட்டர் கடல்நீரை இறைத்து, வடிகட்டி, அழுத்த வேண்டும். அழுத்தத்தில் மிச்சம் பிடித்ததை இறைப்பதில் இழந்துவிடுவோம். வெளியேறும் கழிவுநீரிலோ பம்பு கொடுத்த அழுத்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைக் கடலில் விடுவதற்கு முன், புதிதாக வரும் கடல்நீரின் மேல் அந்த அழுத்தத்தை மாற்றி ஏற்றும் கருவிகள் இன்றைய பெரிய ஆலைகளில் இருக்கின்றன.