முப்பது நாளாகியும் வங்கி பதில் சொல்லாவிட்டால்

வங்கியிடம் எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், வாடிக்கையாளர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். வங்கிகள், வங்கிசாரா நிதி நிறுவனங்கள், டிஜிட்டல் பரிவர்த்தனைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்களை ஒன்றாக்கி, 2021 நவம்பர் 12 அன்று ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இங்கே சொல்லப்படுபவை அந்த 2021 திட்டத்தின் விதிகள். புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் வேண்டாம், வழக்கறிஞரே பாதிக்கப்பட்டவராக இருந்தாலொழிய, அவர் வழியாக வரும் புகாரைத் திட்டம் ஏற்பதுமில்லை.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வங்கி பதில் சொல்லாதது வேறு, வங்கி செய்த தவறு வேறு. பதில் வராதது குறைதீர்ப்பாளரிடம் போவதற்கான தகுதியைத் தருகிறது. அவர் விசாரித்துத் தீர்க்கப் போவதோ மூலக் குறையை. எத்தனை முறை அலைந்தோம், யார் எப்படிப் பேசினார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் எவ்வளவு பணம் போனது என்பதை ஒரே வரியில் முடித்துவிடும் புகார்கள் இதனால்தான் வலுவிழக்கின்றன. இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுத வேண்டும். குறைதான் முதலில் வர வேண்டும், பதிலின்மை அதற்குப் பிறகு.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். 2025 மார்ச் 3 அன்று ஒருவர் வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்க முயல்கிறார். பணம் வெளியே வரவில்லை. கணக்கில் மட்டும் கழிந்துவிடுகிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவுப்படி, இப்படித் தோல்வியடைந்த பரிவர்த்தனையின் பணத்தை ஐந்து நாட்களுக்குள், அதாவது மார்ச் 8க்குள், திருப்பி வரவு வைக்க வேண்டும். தவறினால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். வாடிக்கையாளர் கேட்டுத்தான் இதைத் தர வேண்டும் என்பதில்லை, வங்கி தானாகவே தர வேண்டியது. புகாரைக் கொடுக்க வேண்டியது ஏடிஎம் வைத்திருக்கும் வங்கியிடம் அல்ல, கார்டு கொடுத்த தன் வங்கியிடம்.

அவர் மார்ச் 10 அன்று தன் வங்கிக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புகிறார். அன்றே புகார் எண்ணோடு ஒரு தானியங்கிச் செய்தி வருகிறது. அது புகார் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகைதான், பதில் ஆகாது. ஆனால் அதற்குப் பெரிய பயன் உண்டு. 30 நாள் கணக்கு வங்கிக்குப் புகார் கிடைத்த நாளிலிருந்து தொடங்குவதால், அந்த நாளுக்கு அதுவே சான்று. கிளையில் கடிதமாகக் கொடுப்பவர் நகலில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். தபாலில் அனுப்புபவர் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பலாம். வேறு வழியில் கொடுத்த புகாரையும், கொடுத்ததற்குச் சான்று காட்ட முடிந்தால், திட்டம் எழுத்துப் புகாராகவே கருதுகிறது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியதோடு நின்றுவிட்டவரிடம் பெரும்பாலும் அந்தச் சான்று இருக்காது. பேசி முடித்த கையோடு புகார் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

மார்ச் 10 அன்று கிடைத்த புகாருக்கு 30 நாள் ஏப்ரல் 9 உடன் முடிகிறது. ஏப்ரல் 10 முதல் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒரு நாள் முந்தினாலும், வங்கிக்குரிய அவகாசம் முடியவில்லை என்று புகார் திரும்பிவிடக்கூடும். இடையில் மார்ச் 28 அன்று அவர் நினைவூட்டல் அனுப்பியிருந்தால், அது கணக்கைப் புதிதாகத் தொடங்கிவைக்காது. ஆனாலும் விண்ணப்பத்தில் புகார் தேதி என்ற இடத்தில் கடைசி நினைவூட்டலின் தேதியைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பார்ப்பவருக்கு 30 நாள் ஆகவில்லை என்றே தோன்றும். அங்கே வர வேண்டியது முதல் புகாரின் தேதிதான்.

மறுபக்கம் ஒரு கடைசி எல்லையும் உண்டு. பதிலே வராதபோது, வங்கியிடம் புகார் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாளும் கடப்பதற்குள் முறையிட வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையே இல்லை. ஏடிஎம் பதிவேடு, பண இருப்புக் கணக்கு, கண்காணிப்புக் கேமரா காட்சி ஆகியவை நாளாக ஆகக் கிடைப்பது அரிதாகும்.

பதிலின்மையைப் பற்றி எழுதும் பத்தியில் உணர்ச்சிக்கு இடமில்லை. தேதி, வழி, எண், விளைவு இவை போதும். அது இப்படி அமையலாம்: “இது குறித்து 10-03-2025 அன்று வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சல் முகவரிக்கு எழுத்தில் புகார் அளித்தேன். அன்றே புகார் எண்ணுடன் ஒப்புகை வந்தது. 28-03-2025 அன்று நினைவூட்டினேன். வங்கிக்குப் புகார் கிடைத்து 30 நாட்கள் 09-04-2025 அன்று முடிந்தன. இன்றுவரை குறையைத் தீர்க்கும் பதிலோ நிராகரிக்கும் பதிலோ வரவில்லை; பணமும் வரவு வைக்கப்படவில்லை.” ‘பலமுறை கேட்டும் கண்டுகொள்ளவில்லை’ என்ற வாக்கியத்தை யாராலும் சரிபார்க்க முடியாது. மேலே உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆவணத்தை இணைக்க முடியும்.

வங்கி ஏதோ ஒன்றை அனுப்பியிருந்தால் கவனம் வேண்டும். ‘விசாரணையில் உள்ளது’ என்ற செய்தி வந்திருந்தால் அதை மறைக்காமல், வந்த தேதியையும் வாசகத்தையும் அப்படியே குறிப்பிட்டு, அதன்பின் முடிவு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று எழுத வேண்டும். ‘பரிவர்த்தனை வெற்றி, புகார் முடிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்திருந்தால் நிலைமையே வேறு. அது நிராகரிப்பு. அப்போது ‘பதில் வரவில்லை’ என்று எழுதினால், வங்கி அந்தக் குறுஞ்செய்தியைக் காட்டியதுமே புகார்தாரரின் சொல் மீதான நம்பிக்கை குறைந்துவிடும். நிராகரிப்பும் முறையிடத் தகுந்த காரணமே என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுவதில் நட்டம் ஏதுமில்லை.

புகாரை `cms.rbi.org.in` தளத்தில் பதியலாம். தளத்தைப் பயன்படுத்த முடியாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். கேட்கும் நிவாரணத்தையும் எண்ணில் சொல்ல வேண்டும். மேற்கண்டவர் ஏப்ரல் 10 அன்று எழுதினால், 10,000 ரூபாயும், மார்ச் 9 முதல் அன்றுவரை 33 நாளுக்கு 3,300 ரூபாயும், பணம் வரவாகும்வரை மேலும் நாளுக்கு 100 ரூபாயும் என்று கேட்கலாம். ஏற்பட்ட இழப்புக்கு 20 லட்சம் வரையிலும், நேர விரயம், செலவு, மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் வரையிலும் வழங்கக் குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அதே விவகாரம் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் அவர் அதைத் தொடமாட்டார். கடன் கொடுக்க மறுத்தது போன்ற வங்கியின் வணிக முடிவுகளும் அவர் வரம்புக்கு வெளியே.

புகார் ஏற்கப்பட்டால் வங்கி 15 நாட்களுக்குள் தன் தரப்பை ஆவணங்களோடு தர வேண்டும். அதுவரை வாய் திறக்காத வங்கிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பேசத் தொடங்குகின்றன. அசல் தொகையை மட்டும் வரவு வைத்துவிட்டு விஷயம் முடிந்ததாகத் தெரிவிப்பதும் உண்டு. தாமத இழப்பீடு வரவில்லையென்றால், வரவான தொகையையும் தேதியையும் இன்னும் வர வேண்டிய மீதியையும் உடனே குறைதீர்ப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால், புகார்தாரரின் ஒப்புதலோடு தீர்ந்ததாகக் கருதிப் புகார் மூடப்பட வாய்ப்புண்டு.